ஊக்கக் கோட்பாடுகளும் எங்கள் வைண்டிங் பிரிவும்

பீன்யா தொழிற்பேட்டையில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் எட்டு வருஷம் வேலை பார்த்த பிறகுதான், மனிதர்கள் ஏன் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டார். அதுவரைக்கும் அவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது மட்டும்தான் என் கவலையாக இருந்தது.

கேட்டவர் எங்கள் விரிவுரையாளர். அஞ்சல்வழியில் மேலாண்மை டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்முக வகுப்பு. ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, பேங்க் கிளார்க்குகளும் நர்சுகளும் நானும் பணியாளர் ஊக்கம் பற்றிக் குறிப்பு எடுத்தோம். ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து வாரத்தில் ஆறு நாள் பீன்யா பஸ் பிடிப்பவள், ஏழாம் நாளும் பஸ் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பர்சனல் ஆபீசர் ஓய்வு பெறப்போகிறார், டிப்ளமோ இருந்தால் அந்த இடத்துக்கு உன்னைப் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார். நான் அதைத் ‘தருகிறேன்’ என்று காதில் வாங்கிக்கொண்டேன்.

பாடத்தில் வந்த கோட்பாடுகளுக்கெல்லாம் வெள்ளைக்காரர்களின் பெயர்கள். அவை என் வாயில் நுழையவில்லை. அதனால் விரிவுரையாளர் போர்டில் வரைந்த படங்களை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டேன். ஒன்று முக்கோணம். அடியில் சோறு, தண்ணீர், தூக்கம், அதற்கு மேல் பாதுகாப்பு, அதற்கு மேல் நாலு பேரோடு சேர்ந்திருக்கும் சமூகப் படி, பிறகு மதிப்பு, உச்சியில், தன்னால் என்னவாக முடியுமோ அதுவாக ஆவது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மனசு மேல்படிக்கு ஏங்கும், நிறைந்துபோன தேவை அப்புறம் யாரையும் வேலை செய்ய வைக்காது. இன்னொன்று இரண்டு பெட்டி. சம்பளம், ஃபேன், கேன்டீன், மேலதிகாரி, கம்பெனி விதி எல்லாம் ஒரு பெட்டி. அவை கெட்டுப்போனால் ஆட்கள் முணுமுணுப்பார்கள், சரியாக இருந்தால் முணுமுணுப்பு நிற்கும், அவ்வளவுதான். உழைப்பில் ஆசை வருவது இரண்டாவது பெட்டியிலிருந்து: சாதித்த திருப்தி, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம், வேலையே பிடித்துப்போவது. இதுபோக ஒரு பெருக்கல் கணக்கும் ஒரு தராசும் இருந்தன. அவற்றை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒப்படைக்க வேண்டிய கட்டுரை என்னவென்றால், ஏதாவது இரண்டு ஊக்கக் கோட்பாடுகளை அவரவர் பணியிட உதாரணங்களோடு ஒப்பிட வேண்டும். உதாரணம் உண்மை என்று மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். நான் முக்கோணத்தையும் இரண்டு பெட்டியையும் எடுத்தேன்.

முதல் உதாரணம் சுலபமாகக் கிடைத்தது. கம்பியைச் சுருளாக, அதாவது காயிலாக, சுற்றும் எங்கள் வைண்டிங் பிரிவில் வெக்கை தாங்கவில்லை என்று தொழிலாளர்கள் ஒரு கோடை முழுக்கப் புகார் சொன்னார்கள். கம்பெனி ஃபேன் போட்டது. புகார் நின்றது. உற்பத்தி எப்போதும் போல் இருந்தது. மேனேஜருக்கு அது நன்றிகெட்டத்தனமாகப் பட்டது. ஃபேன் முதல் பெட்டியைச் சேர்ந்தது, அதிருப்தியைப் போக்கும், ஊக்கம் தராது என்று எழுதினேன். முக்கோணத்தின் கீழ்ப்படிகள் பெரும்பாலும் முதல் பெட்டியிலும் மேல்படிகள் இரண்டாவது பெட்டியிலும் அடங்கும். ஆனால் நிறையாத எந்தத் தேவையும் ஊக்கும் என்று முக்கோணம் சொல்கிறது, கீழ்ப்படிச் சமாச்சாரம் எதுவும் ஊக்காது என்று பெட்டி சொல்கிறது, வித்தியாசம் அதுதான் என்றும் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

இரண்டாவது உதாரணத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வைண்டிங் பிரிவில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருந்தார். ஜோகுபாளையத்துக்காரர். காயில் சுற்றுவதில் அவருக்கு இணை யாரும் இல்லை. மெஷினின் சத்தத்தை வைத்தே கம்பி இழுவிசை கூடிவிட்டது என்று சொல்லிவிடுவார். அவருடைய பஞ்ச் கார்டில் சிவப்பு மை நான் பார்த்ததே இல்லை. ஏழு மணி ஷிஃப்டுக்கு ஏழு ஐந்து வரை கார்டு அடித்தால் கருப்பில் விழும், அதற்குப் பிறகு சிவப்பு. அவர் ஆறு ஐம்பதுக்கே அடித்திருப்பார். அவருக்கு இரண்டு தடவை சார்ஜ்ஹேண்ட் பதவி கொடுத்தார்கள். பிரிவின் பொறுப்பு, தனி மேஜை, வேறு நிறச் சட்டை. இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

முக்கோணத்தின்படி அவர் அடுத்த படிக்கு ஏங்கியிருக்க வேண்டும். பெட்டியின்படி பொறுப்பும் முன்னேற்றமும் அவரை உசுப்பியிருக்க வேண்டும். இரண்டு கோட்பாடுகளையும் ஒரே ஆள் கெடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் போய், ஏன் அண்ணா வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"சும்னே பேஜாரும்மா அது. இப்ப நல்லாத்தானே கீறேன்."

அதோடு டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டார். சும்னே என்றால் கன்னடத்தில் வெறுமனே, பேஜார் என்றால் தொல்லை. இதை வைத்து ஒரு பக்கம் எழுத வேண்டும். ‘இத்தொழிலாளியின் தேவைகள் சமூகப் படியோடு நின்றுவிட்டன, மதிப்புத் தேவை அவரிடம் இன்னும் விழிக்கவில்லை, தகுந்த பாராட்டின் மூலம் அதை விழிக்கச் செய்யலாம்’ என்று எழுதினேன். ஒரு மனிதனை மூன்று வரியில் முடித்துவிட்ட நிம்மதியில் கட்டுரையைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்திருந்தேன். விடுப்புக் கடிதங்களை அவர் அப்படித்தான் செய்வார். ஆனால் இதை வாங்கி வைத்துக்கொண்டார், இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். மைசூர்ப் பக்கத்து மனிதர், சாதுவானவர், கன்னடத்திலேயே பேசுவார். நான் இங்கிலீஷில் எழுதிய கட்டுரையில் பாராட்டு என்ற சொல்லின் கீழெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஃபேனுக்குச் செலவாயிற்று, பலன் இல்லை. பாராட்டுக்குச் செலவே இல்லை, பலன் உண்டு. இதை ஏன் இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். நான் சிரித்தேன். பர்சனல் ஆபீசர் நாற்காலி அறையின் மூலையில் இருந்தது. அதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் டைம் ஆபீஸுக்கு வெளியே, கார்டு அடிக்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட பலகை ஒன்று வந்தது. ‘இம்மாதத்தின் சிறந்த தொழிலாளி’ என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. யார் அதிக காயில் சுற்றினார்களோ அவர் படம். முதல் படம் எங்கள் ஜோகுபாளையத்துக்காரருடையது. பிரிவில் எல்லோரையும் நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். விழித்துக்கொண்டிருக்கும் மதிப்புத் தேவை வெளியிலிருந்து பார்க்க இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரத்தில் என் கார்டுகளில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான், பார்ப்பதற்கு எனக்குத்தான் சம்பளம். அதுவரை வைண்டிங் பிரிவில் எல்லோரும் ஆறு ஐம்பதிலிருந்து ஏழுக்குள் கார்டு அடித்துவிடுவார்கள். இப்போது வரிசையாக ஏழு நாலு, ஏழு நாலு, ஏழு நாலு. எல்லாம் கருப்பு மை. யாரும் தாமதம் இல்லை, யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. உற்பத்தியும் அதே மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு இத்தனை காயில் என்று கணக்கு உண்டு. முன்பெல்லாம் அதற்கு மேல் சில காயில்கள் விழும். இப்போது கணக்கு முடிந்ததும் மெஷின்கள் நின்றன. ஆட்கள் மெஷினைத் துடைத்தார்கள். எங்கள் மெஷின்கள் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கோட்பாட்டில் இது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் சார் என்றேன்.

பார்க்க வேண்டியது புத்தகத்தில் இல்லை, மெஷினில்தான் என்று எனக்குச் சொன்னவள் ஒரு பெண். ஓசூர்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், மெல்லிய கம்பி மெஷினில் இருப்பவள். பெர்மிஷன் சீட்டுக்காக என் ஜன்னலுக்கு வந்தவளிடம் பிரிவில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவள் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவரு சுத்தறது தடிக் கம்பி அக்கா. ஒரு காயிலுக்குச் சுத்து கம்மி. எங்களுது தலமுடி மாதிரி, ஆயிரக்கணக்குல சுத்தணும், அறுந்தா மொதல்லருந்து. ரெண்டயும் ஒண்ணா எண்ணி போட்டோ மாட்டிக்கிறீங்க. மாட்டிக்கோங்க. எங்களுக்கு இன்னா."

அன்று மத்தியானம் அடுத்த பருவத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த தராசைத் திறந்து படித்தேன். ஆள் தான் போட்ட உழைப்பையும் தனக்குக் கிடைத்ததையும் தனியாக எடை போடுவதில்லை, பக்கத்து ஆள் போட்டதோடும் பெற்றதோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். தனக்குக் குறைவு என்று பட்டால், வாங்குவதைக் கூட்ட முடியாதபோது, போடுவதைக் குறைத்துச் சமன் செய்துகொள்வான். ஏழு நாலுக்கு அடித்த கார்டுகளை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். புத்தகத்தில் இவ்வளவு நல்ல உதாரணம் இல்லை. ஆனால் அதை உண்டாக்கியவளே நான் என்பதைக் கட்டுரையில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த வாரமே ஜோகுபாளையத்துக்காரரும் ஜன்னலுக்கு வந்தார். படத்தை எடுத்துவிடச் சொல்லி மேனேஜரிடம் நான் பேச வேண்டுமாம்.

"நீதான் எழுதிக் கொடுத்தேன்னு சொல்றாங்க."

ஆமாம் அண்ணா, பரீட்சைக்காக எழுதினேன், இப்படி ஆகும் என்று தெரியாது என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கோபப்படவில்லை. பிரிவில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சிக்கலான வேலை வந்தால் பெஸ்ட் ஒர்க்கருக்குக் கொடுங்கள் என்று அவர் மெஷினுக்குத் தள்ளிவிடுகிறார்கள், சாப்பாட்டு மேஜையில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னார். அவரிடம் நிறைந்திருக்கிறது என்று நான் எழுதிய ஒரே படி அதுதான், சமூகப் படி. அதையும் பிடுங்கிவிட்டேன்.

அப்போது, சார்ஜ்ஹேண்ட் பதவி ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கட்டுரைக்காகக் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"சனிக்கிழமை சாயங்காலம் அல்சூர் பக்கம் வருவியா? கிரவுண்டு ஒண்ணு கீது. வந்து பாரு, தெரியும்."

போனேன். புழுதி மைதானம், ஓரத்தில் நூறு இருநூறு பேர் நின்றிருந்தார்கள், சிலர் மதில்மேல். இரண்டு பேட்டைகளின் ஃபுட்பால் டீம்கள் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் கருப்புச் சட்டை, கருப்பு டிராயர், கழுத்தில் விசில். எங்கள் வைண்டர்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆளா என்று இருந்தது. ஆட்டம் போகிற பக்கமெல்லாம் மூச்சு வாங்காமல் ஓடினார். ஒரு தள்ளுமுள்ளு வந்தது. இருபது வயசு, ஆறடி உயரம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர்மேல் மோத வந்தான் ஒருவன். அவர் கையை மட்டும் உயர்த்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு பத்தடி பின்னால் போனான். மதில்மேல் இருந்தவர்களும் அடங்கினார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர், இவர் ஊதினால் மறுபேச்சு இல்லை, இரண்டு பேட்டைக்காரர்களும் ஒப்புக்கொள்கிற ரெஃப்ரி இவர் ஒருவர்தான் என்று நான் கேட்காமலேயே சொன்னார்.

ஆட்டம் முடிந்து வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரணத்தைச் சொன்னார். காயில் சுற்றுகிறவர்களுக்கு ஏழு மணி ஷிஃப்டு மட்டும்தான், மூன்றரைக்கு வெளியே வந்துவிடலாம். சார்ஜ்ஹேண்ட் மற்றப் பிரிவுகளையும் முறைவைத்துப் பார்ப்பதால் அவருக்கு ஷிஃப்டு மாறிக்கொண்டே இருக்கும். மாறினால் இந்த மைதானம் போய்விடும்.

"அங்க கெலசம். இங்கதான் நான்."

கெலசம் என்றால் வேலை. முக்கோணத்தின் உச்சியைப் பற்றி விரிவுரையாளர் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். இதைவிடத் தெளிவாக அவர் சொல்லவில்லை. அந்த மனிதரின் மதிப்புத் தேவை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதி, அதற்கு மேலதிகாரியின் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன் நான்.

அடுத்த ஞாயிறு கட்டுரைகள் திரும்பி வந்தன. ஃபேன் உதாரணத்துக்குப் பக்கத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார். வைண்டர் பற்றிய பக்கத்தில் ‘ஏற்புடையது’. நான் எழுந்து, ஐயா, அந்தப் பக்கம் தப்பு, திருத்தி எழுதலாமா என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரிவுரையாளர் பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர்தான். கம்பெனிக்கு வெளியே நடப்பது பணியிட உதாரணம் ஆகாது, அதனால் திருத்தத் தேவையில்லை, கொடுத்த மார்க்கையும் குறைக்கப் போவதில்லை என்றார். மார்க் குறைந்துவிடும் என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்தி உட்காரச் சொன்னார்.

மேனேஜருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். தடிக் கம்பியையும் மெல்லிய கம்பியையும் ஒரே எண்ணிக்கையில் ஒப்பிடக் கூடாது, பிரிவினருக்கு அது அநியாயமாகப் படுகிறது, பலகையை எடுத்துவிடுவது நல்லது. கொடுக்கத் தயக்கமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பலகை என் யோசனை என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லி வந்தார். அவர் குறிப்பைப் படித்தார், ஒத்துக்கொண்டார், பிறகு தன் வழியில் தீர்வு கண்டார். பலகை இருக்கட்டும், ஆனால் இனிமேல் மாதம் ஒருவர், பெயர்ப் பட்டியலின் அகர வரிசைப்படி. யாருக்கும் அநியாயம் இல்லை.

அது வேலை செய்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். மூன்றாம் மாதம் மெல்லிய கம்பிக்காரியின் படம் வந்தது. தன் வரிசை எப்போது வரும் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டு சிரித்தார்கள், படத்துக்காக முடி வெட்டிக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் இடைவெளி மூடிக்கொண்டது. கணக்குக்கு மேல் மறுபடி சில காயில்கள் விழ ஆரம்பித்தன. பாராட்டு என்ன சாதிக்கும் என்பதற்கு இதுவே சான்று என்று மேனேஜர் பக்கத்துக் கம்பெனி மேனேஜர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெருமை பேசும்போது என்னையும் சேர்த்துக்கொள்வார், நானும் தலையாட்டுவேன்.

பர்சனல் ஆபீசர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்கு மாலை வாங்கி வந்தவள் நான். அந்த நாற்காலிக்கு எம்.பி.ஏ. முடித்த ஒரு பையனை வெளியிலிருந்து எடுத்தார்கள். டிப்ளமோ போதாதாம், இப்போது எல்லா இடத்திலும் எம்.பி.ஏ. படித்தவர்களைத்தான் எடுக்கிறார்களாம். சொல்லும்போது மேனேஜர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். என் கட்டுரையின் நகல் ஒன்றைப் புதிய ஆபீசருக்குப் படிக்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

இறுதிப் பரீட்சை அதற்கு மூன்று வாரம் கழித்து. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கட்டணம் கட்டியாயிற்று என்பதற்காகப் போனேன். ஊக்கக் கோட்பாடுகளில் ஒன்றைப் பணியிட உதாரணத்துடன் விளக்குக என்று கேள்வி வந்தது. பெருக்கல் கணக்கை எடுத்தேன். முயன்றால் வேலையை நன்றாக முடிப்பேன் என்ற நம்பிக்கை, முடித்தால் பரிசு கிடைக்கும் என்ற நம்பிக்கை, அந்தப் பரிசின்மேல் நமக்குள்ள ஆசை, இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் ஊக்கம். எதுவாவது ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். உதாரணமாக, பதவிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் படித்த ஒரு பெண் எழுத்தரைப் பற்றி எழுதினேன். அவளுக்கு முதல் எண் முழுசாக இருந்தது, மூன்றாவது அதற்கு மேலும் இருந்தது, நடு எண் ஒரு நாள் காலை பூஜ்யம் ஆனது, ஆகவே அவள் படிப்பை நிறுத்தியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே வந்தபோது பேனா நின்றது. நிறுத்தாமல் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து இதை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி வந்துவிட்டது.

கண்காணிப்பாளர் வந்து, ஏதாவது வேண்டுமா அம்மா என்று கேட்டார். இன்னொரு தாள் வேண்டும் என்றேன்.